மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த பிறகு ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: எனக்கு 68 வயது. திருச்சியில் என் சம்பாத்தியத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு. அதை மகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தரலாம் என்று இருக்கிறேன். நானும் மனைவியும் அதே வீட்டில்தான் இருப்போம். ஒரு மகனும் உண்டு. பின்னால் மகள் எங்களைக் கவனிக்காமல் போனால் ரத்து செய்ய முடியுமா? "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்ய எனக்கு முழு உரிமை உண்டு" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்கிறார் ஆவண எழுத்தர். சரியா?

பதில்:

சரியில்லை ஐயா. அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. அதைவிட மோசமாக, மகளுக்கு நீங்கள் கொடுக்க நினைப்பதையே அது கெடுத்துவிடக்கூடும்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் 126-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு சம்பவம் நடந்தால் தானம் ரத்தாகும் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சம்பவம் கொடுத்தவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. "எனக்குத் தோன்றினால் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்று எழுதினால், எந்த அளவுக்கு அப்படி எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத் தானம் செல்லாது. சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. ஒருவர் இன்னொருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, அதில் பத்தாயிரத்தை மட்டும் விரும்பியபோது திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று வைத்துக்கொண்டால், தொண்ணூறாயிரத்துக்குத் தானம் நிற்கும். அந்தப் பத்தாயிரத்துக்குச் செல்லாது. உங்கள் ஆவண எழுத்தர் சொல்லும் வரி வீடு முழுவதையும் பற்றியது. அதனால் ஆபத்தும் முழு வீட்டுக்கும்தான்.

இதனால் என்ன ஆகும்? உங்கள் காலத்துக்குப் பிறகு மகன் அந்த வரியைக் காட்டி, "இது தானமே இல்லை, அப்பா உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார்" என்று பாகம் கேட்டு வழக்குப் போடலாம். அந்த வாதம் எடுபட்டால், நீங்கள் இந்துவாக இருக்கும் பட்சத்தில், வீடு உங்கள் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமமாகப் பிரியும் (உங்கள் தாயார் அப்போது உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு). நீதிமன்றம் அந்த வரியை மட்டும் தள்ளிவிட்டுத் தானத்தை நிறுத்தவும் கூடும். பத்திரத்தின் மற்ற வாசகங்களைப் பொறுத்தது அது. அப்படி ஆனாலும், ரத்து செய்யலாம் என்று நீங்கள் நம்பியிருந்த வரி உங்களுக்கு உதவியிருக்காது.

பத்திரம் எப்போது உங்கள் கையை விட்டுப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரத்தின் தலைப்பில் தான செட்டில்மெண்ட் என்று போட்டாலும், பணம் வாங்காமல் உரிமையை மாற்றுவதால் சட்டத்தின் பார்வையில் அது தானம்தான். அசையாச் சொத்தில் தானம் நிறைவேற மூன்று வேண்டும். நீங்கள் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே மகள் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் முடிந்த நிமிடத்தில் உரிமை மகளுடையது. அதன் பிறகு வெறும் மனமாற்றத்துக்கு இடமில்லை.

ஏற்பு என்பதற்குத் தனியாகச் சடங்கு எதுவும் இல்லை. மகளும் பத்திரத்தில் கையெழுத்திட்டால் அதுவே ஏற்பு. அசல் பத்திரத்தை அவர் வாங்கி வைத்திருப்பது, பட்டா மாற்ற மனு கொடுத்தது, சொத்து வரியைத் தன் பெயரில் கட்டியது எல்லாமே ஏற்பைக் காட்டும். "வீட்டில் நான்தானே இருக்கிறேன், சாவி என்னிடம்தானே இருக்கிறது, அதனால் தானம் முழுமையாகவில்லை" என்ற வாதம் அடிக்கடி கேட்கப்படுகிறது; அது நிற்பதில்லை. சுவாதீனம் கைமாறாமலே தானம் செல்லும், கொடுத்தவர் ஆயுள் உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே தீர்த்துவிட்டது. (இஸ்லாமியர்கள் கொடுக்கும் ஹிபா என்ற தானத்துக்கு இந்தச் சட்டத்தின் தானப் பகுதி பொருந்தாது; அங்கே சுவாதீனம் ஒப்படைப்பது அவசியம். நான் சொல்வதெல்லாம் மற்றவர்களுக்கு.)

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று கேரளத்தில் நடந்தது. தந்தை 1985-இல் மகளுக்கு ஒரு பத்திரம் பதிவு செய்து கொடுத்தார். தன் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டார். 1993-இல் மனம் மாறி, அந்தப் பத்திரத்தைத் தானாகவே ரத்து செய்து, சொத்தை மகனுக்குக் கிரயம் செய்து கொடுத்தார். மகள் வழக்குப் போட்டார். அது உயில்தான், எழுதியவர் ரத்து செய்யலாம் என்று கீழ்நீதிமன்றங்கள் சொல்லின. இல்லை, அது தானம் என்றது கேரள உயர் நீதிமன்றம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் மகள் பக்கமே நின்றது. அசல் பத்திரம் மகளிடம் வந்திருந்ததும் அது பதிவானதும் ஏற்புக்குப் போதும். ஏற்ற பிறகு தந்தை ஒருதலையாக ரத்து செய்தது செல்லாது. ஆகவே மகனுக்குக் கொடுத்த கிரயத்துக்கும் அடிப்படை இல்லை. ரத்துப் பத்திரம் எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால் குடும்பம் 30 வருடத்துக்கு மேல் வழக்கில் கிடந்திருக்கிறது.

இத்தனை வருடம் இழுத்ததற்குக் காரணம் அந்தப் பத்திரத்தைத் தானம் என்றும் படிக்கலாம், உயில் என்றும் படிக்கலாம் என்பதே. உங்கள் பத்திரத்தில் அந்தச் சந்தேகம் வரக் கூடாது. "என் ஆயுளுக்குப் பின் நீ இந்தச் சொத்தை அடைந்து கொள்ள வேண்டியது" என்று மட்டும் எழுதினால் அது உயிலின் சாயல். உரிமை இன்றே மாறுகிறது, அனுபவம் மட்டும் பின்னால் வருகிறது என்பது முதல் பக்கத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும்.

ஆக, பத்திரத்தில் "ரத்து செய்ய உரிமை உண்டு" என்ற வரிக்குப் பதிலாக இரண்டு பத்திகள் வர வேண்டும். ஒன்று ஆயுள் உரிமை, மற்றொன்று பராமரிப்பு நிபந்தனை. இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஆயுள் உரிமைப் பத்தி இப்படி இருக்கலாம்:

"இன்றைய தேதியிலேயே மேற்படி சொத்தின் உரிமையை உனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். ஆயினும் நானும் என் மனைவியும், எங்களில் பின்னால் இறப்பவரின் ஆயுள் முடியும் வரை, மேற்படி வீட்டில் குடியிருந்தும், வாடகைக்கு விட்டால் வாடகையைப் பெற்றும் அனுபவித்து வரும் உரிமையை எங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் இருவர் ஆயுளுக்குப் பின் அனுபவ உரிமையும் உன்னைச் சேரும்."

இதில் "பின்னால் இறப்பவரின்" என்ற சொல்லைக் கவனியுங்கள். பெரும்பாலான பத்திரங்களில் தந்தையின் ஆயுள் மட்டுமே வரும். தந்தை முதலில் போய்விட்டால், அந்த நாளிலிருந்து தாய்க்கு அந்த வீட்டில் இருக்கப் பத்திரப்படி உரிமை எதுவும் இருக்காது. வீடு உங்கள் பெயரில் இருப்பதால் மனைவியின் ஆயுளையும் நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

சிலர் இதற்குப் பதிலாக "எங்கள் ஆயுள் காலத்தில் நீ விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது" என்று எழுதுவார்கள். உரிமையை முழுதாகக் கொடுத்துவிட்டு, விற்கவே கூடாது என்று முழுத்தடை போட்டால் அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி அந்தத் தடை செல்லாது. ஆயுள் உரிமை அப்படியல்ல. அது நீங்கள் கொடுக்காமலே வைத்துக்கொண்ட பகுதி. மகள் நாளைக்கே வீட்டை விற்றாலும், வாங்குபவருக்கு உங்கள் இருவரின் ஆயுள் உரிமைக்கு உட்பட்டுத்தான் போகும். பதிவுப் பத்திரத்திலேயே அது இருப்பதால் தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொல்லவும் முடியாது. நடைமுறையில் இப்படிப்பட்ட வீட்டை வாங்க யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள். வங்கியும் அதன் மேல் கடன் தரத் தயங்கும். என் பார்வையில், வயதான பெற்றோருக்கு ரத்து செய்யும் உரிமையைவிட இது பலமான பாதுகாப்பு. இதற்கு எந்த அலுவலகப் படியும் ஏற வேண்டியதில்லை.

இரண்டாவது, பராமரிப்பு நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பிரிவு 23. 60 வயது நிரம்பியவர், தன் அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்ய மறுத்தால் அல்லது தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். மோசடி நடந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நிபந்தனை இருந்தது, அது நிறைவேறவில்லை என்று காட்டினால் போதும். சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும்.

தகராறு எல்லாம் "நிபந்தனையோடு" என்ற ஒரு சொல்லில்தான். நம் ஊர்ப் பத்திரங்களில் வழக்கமான வாசகம் "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்பது. நிபந்தனை என்று எதுவும் இருக்காது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பராமரிக்கும் நிபந்தனை இருந்தது என்று காட்டாவிட்டால் 23-ஆம் பிரிவு வராது, அன்பால் கொடுத்தது என்பது மட்டும் போதாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்குக் கொடுத்த தானத்தை ரத்து செய்தது. வீட்டையும் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. ஆனால் அந்த வழக்கில், தானப் பத்திரம் எழுதிய அதே நாளில் மகன் தனியாக ஓர் உறுதிமொழிக் கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தார். 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், வயதான பெற்றோர் அன்பால் கொடுக்கும்போது கவனித்துக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பே மறைமுக நிபந்தனைதான் என்றது.

காற்று இப்போது பெற்றோர் பக்கம் அடிக்கிறது. அதற்காக அதை நம்பிப் பத்திரம் எழுதக் கூடாது. 2022 தீர்ப்பையும் எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டுவார். ஏற்கெனவே வெறும் அன்பு வாசகத்தோடு எழுதிவிட்டவர்களுக்குத்தான் 2025 தீர்ப்புகள் தேவை. இனிமேல் எழுதப் போகிற உங்களுக்கு ஒரு பத்தி போதும்:

"என்னையும் என் மனைவியையும் எங்கள் ஆயுள் முழுவதும் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவச் செலவு உள்ளிட்ட அடிப்படைத் தேவைகளைக் குறைவின்றிச் செய்து பராமரித்து வர வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இந்த செட்டில்மெண்ட் எழுதப்பட்டுள்ளது. இந்த நிபந்தனையை நீயும் ஒப்புக்கொண்டிருக்கிறாய். இதை நிறைவேற்ற மறுத்தாலோ தவறினாலோ, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 23-ஆம் பிரிவின்படி இந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோரும் உரிமை எனக்கு உண்டு."

இதன் கீழே மகளும் கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்டதற்கும் ஏற்றுக்கொண்டதற்கும் அதுவே சான்று. மகள் உங்களைப் பராமரிக்கத் தவறுவது உங்கள் விருப்பத்தால் நடக்கும் சம்பவம் அல்ல. ஆகவே 126-ஆம் பிரிவுக்கும் இது முரணில்லை. இதே வாசகத்தைத் தனி முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதிவாகாத தாள் வில்லங்கச் சான்றில் வராது; மூன்றாம் ஆள் வீட்டை வாங்கும்போது அவருக்கு அது தெரியவும் தெரியாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை சந்தை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இந்த வரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. மனையும் கட்டடமும் சேர்த்து 32 லட்சம் என்றால் தீர்வை 32,000. பதிவுக் கட்டணம் 10,000. மொத்தம் 42,000, சில்லறைக் கட்டணங்கள் தனி. மதிப்பு 40 லட்சத்தைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பெரிய வீடானாலும் 50,000-க்கு மேல் போகாது. மகள் இந்தக் "குடும்பம்" என்ற பட்டியலில் இருக்கிறார், மருமகன் இல்லை. பாசத்தில் மகள், மருமகன் இருவர் பெயரிலும் சேர்த்து எழுதினால் மருமகன் பங்குக்குச் சலுகை போய்விடும், தொகை பல மடங்காகும். 23-ஆம் பிரிவு வழக்கு வந்தாலும் எதிர்மனுதாரர் இரண்டு பேராகிவிடுவார்கள். மகள் பெயரில் மட்டும் எழுதுங்கள்.

இனி, எழுதிக் கொடுத்த பிறகு நிலைமை கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலரும் முதலில் செய்வது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒரு ரத்துப் பத்திரம் எழுதுவது. ஏற்கப்பட்ட தானத்தைக் கொடுத்தவர் தனியாக வந்து ரத்து செய்வதைப் பதிவு செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. மகள் வந்து கையெழுத்திடாமல் சார்பதிவாளர் வாங்க மாட்டார். தவறிப் பதிவாகிவிட்டாலும் உரிமை உங்களுக்குத் திரும்பாது; வில்லங்கச் சான்றில் ஒரு வரி கூடி, இரண்டு பக்கமும் வீட்டை வைத்து எதுவும் செய்ய முடியாத நிலைதான் வரும்.

மகளே சம்மதித்தால் வேலை சுலபம். இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் எழுதலாம். ஆனால் உரிமை ஒருமுறை மகளுக்குப் போய்விட்டதால், மகளே உங்கள் பெயருக்குத் திரும்ப செட்டில்மெண்ட் எழுதித் தருவதுதான் சுத்தம் என்பது என் கருத்து. தந்தையும் குடும்பப் பட்டியலில் இருப்பதால் அதே சலுகைக் கட்டணம்தான். 32 லட்சத்து வீட்டுக்கு மறுபடியும் 42,000. பின்னால் யாருக்காவது விற்கும்போது, வங்கியின் சட்ட ஆலோசகர் ரத்துப் பத்திரத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இதில் வராது.

சம்மதிக்காவிட்டால் 23-ஆம் பிரிவின் கீழ் மனு. தமிழ்நாட்டில் பராமரிப்புத் தீர்ப்பாயம் என்பது வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம்தான், ஊர்ப்பேச்சில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், சில கோட்டங்களில் சப்-கலெக்டர் ஆபீஸ். மனுவோடு பதிவுப் பத்திரத்தின் நகல், வயதைக் காட்டும் அடையாள அட்டை, வில்லங்கச் சான்று, கவனிக்காததற்கான சான்றுகள் வேண்டும். இந்தச் சான்றுகளில்தான் பலர் தோற்கிறார்கள். "கவனிக்கவில்லை" என்று வாயால் சொல்வது ஒரு பக்கம். நீங்களே கட்டிய மருத்துவமனை ரசீதுகள், வங்கிப் புத்தகத்தில் மகளிடமிருந்து எதுவும் வராதது, காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் சி.எஸ்.ஆர். ரசீது, மகளுக்கு நீங்கள் பதிவுத் தபாலில் எழுதிய கடிதம், இதெல்லாம் மறு பக்கம். மனு போடும் முன் ஒரு கடிதமாவது எழுதி, "இன்னின்ன செய்யவில்லை, இன்ன தேதிக்குள் செய்" என்று கேட்டுவிடுங்கள். மறுத்தார் அல்லது தவறினார் என்று காட்ட அதுபோல் எளிய சான்று இல்லை.

மனுவில் எதைக் கேட்கிறீர்கள் என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்க வேண்டும் என்பது ஒன்று. மகள் வீட்டில் குடியேறி இருந்தால் காலி செய்து ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புத் தொகை என்பது வேறு கோரிக்கை. மத்தியச் சட்டம் அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்று மேல்வரம்பு வைத்திருக்கிறது. பத்திர ரத்தைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்டு ஆணை வாங்கிவிட்டு, பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு. தீர்ப்பாயம் உங்களுக்கு எதிராக முடிவு செய்தால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மகளுக்கு எதிராக முடிந்தால் அவர் தரப்பு பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும். ஆணை கையில் வந்ததும் அதன் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளரிடம் கொடுத்து, வில்லங்கத்தில் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள், பட்டாவையும் மாற்றுங்கள். ஆணையைப் பீரோவில் வைத்துவிட்டு ஆன்லைன் வில்லங்கத்தில் மகள் பெயரே நிற்பதை விட்டுவைத்தால், நடுவில் கைமாறல் நடக்க வழி இருக்கிறது.

மூன்றாவது வழி சிவில் நீதிமன்றம். ஒப்பந்தத்தை எந்தெந்தக் காரணங்களால் ரத்து செய்யலாமோ அதே காரணங்களால் தானத்தையும் ரத்து செய்யலாம்: மோசடி, மிரட்டல், தகாத செல்வாக்கு, பொய்யான தகவல். "அடமானப் பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள்", "மருந்து மயக்கத்தில் இருந்தபோது ரேகை வாங்கினார்கள்" போன்ற நிலைமைகளுக்கு இது. தந்தை படுக்கையில், மகளின் பொறுப்பில் முழுதும் இருந்த காலத்தில் எழுதிய பத்திரம் என்றால், அந்தச் சூழலையும் பத்திரம் ஒருபக்கச் சாதகமாக இருப்பதையும் காட்டிய பிறகு, செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் சுமை மகள் மேல் திரும்பும். சாட்சிகள் இருவரும் மகளின் ஆட்களா, எழுத்தரை யார் கூப்பிட்டார்கள், கட்டணத்தை யார் கட்டினார்கள் என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். காலக்கெடு மூன்று வருடம். ரத்து செய்யத் தக்க அந்த உண்மை உங்களுக்குத் தெரிய வந்த நாளிலிருந்து. சொத்தின் மதிப்பைப் பொறுத்து நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். கவனிக்கவில்லை என்பது மட்டும் புகார் என்றால் இந்தக் கதவைத் தட்ட வேண்டாம். நன்றிகெட்டதனம் நம் தானச் சட்டத்தில் ரத்துக்கான காரணம் அல்ல. அதற்காகத்தான் 23-ஆம் பிரிவு.

இதே கண்ணாடியை மகள் பக்கம் திருப்பிப் பார்த்தால், பதிவு நாளில் செய்ய வேண்டியது தெரியும். மகன் பின்னால் இதே குற்றச்சாட்டை மகள் மேல் வைக்கலாம். அதனால் சாட்சிகளில் ஒருவராவது உங்கள் வயதுக்கு இளைய, மகளுக்கு வேண்டியவர் என்று சொல்ல முடியாத ஆளாக இருக்கட்டும். உடல்நலம் சுமார் என்றால், சுயநினைவோடு இருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் அன்றைய தேதியில் ஒரு சான்று வாங்குங்கள். பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வங்கிக் கடனில் வீடு அடமானம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள், அல்லது வங்கியின் தடையின்மைக் கடிதம் வாங்குங்கள்.

எழுதிய பிறகு மகளுக்குப் பணமுடை வந்து, உங்களிடம் சொல்லாமல் வீட்டின் மேல் கடன் வாங்கினால்? விவரம் தெரியாமல், விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளின் உரிமையை 126-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. உங்கள் பத்திரத்தில் ஆயுள் உரிமையும் நிபந்தனையும் பளிச்சென்று இருந்தால், விவரம் தெரியாது என்று வங்கியால் சொல்ல முடியாது. வெறும் அன்பு வாசகப் பத்திரத்தில்தான் இந்த ஓட்டை பெரிதாகத் திறந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

மகன் விஷயம். வீடு உங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் மகனின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. பத்திரத்தில் மனை வாங்கிய கிரயப் பத்திர எண்ணையும், அது உங்கள் சம்பளத்தில் வாங்கியது என்பதையும், கட்டட வரைபட அனுமதி உங்கள் பெயரில் இருப்பதையும் எழுதிவிடுங்கள். பூர்வீகச் சொத்தை விற்ற பணம் இதில் கொஞ்சமாவது போயிருந்தால் மகன் பங்கு கேட்க இடம் கிடைக்கும். அப்போது பத்திரம் எழுதும் முன்பே மகனிடமிருந்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்து வாங்கிவிட வேண்டும். மகனைச் சாட்சியாகப் போட்டுவிட்டால் சம்மதித்த மாதிரிதான் என்று சிலர் சொல்வார்கள். சாட்சிக் கையெழுத்து நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தேன் என்பதற்கு மட்டும்தான். உள்ளே இருப்பதை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

இதையெல்லாம் படித்த பிறகும் "இருந்தாலும் நினைத்தபோது மாற்றிக்கொள்ளும் உரிமை எனக்கு வேண்டும்" என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது உயில். முத்திரைத் தீர்வை இல்லை, இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். உங்களுக்குப் பிறகு மகன் அதை எதிர்த்து வழக்குப் போடலாம் என்பதும், உயிலைச் சாட்சியை வைத்து நிரூபிக்க வேண்டிய சுமை மகள் மேல் வரும் என்பதும் அதன் குறை. மகளின் பாதுகாப்பு பெரிது என்றால் மேலே சொன்ன இரண்டு பத்திகளோடு செட்டில்மெண்ட். உங்கள் மனமாற்றத்துக்கு இடம் வேண்டும் என்றால் உயில். ஒரே தாளில் இரண்டையும் எழுதித் தருகிறேன் என்று ஆவண எழுத்தர் சொன்னால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.